குடோனில் தீ... இன்சூரன்ஸுக்கு அனுப்பும் முதல் மெயிலில் என்ன இருக்கணும்?

கல்லலில் 400 நெல் மூட்டை அடுக்கிய குடோனில் நள்ளிரவு 2 மணிக்குத் தீ என்று வைத்துக்கொள்வோம். தீயணைப்பு வண்டி வந்து அணைத்ததுமே இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கு மெயில் போயிடணும். பில், ஸ்டாக் கணக்கெல்லாம் சேரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். வழக்கமான தீ பாலிசியில் தகவலை உடனே சொல்ல வேண்டும். விரிவான கிளெய்முக்குத்தான் பாலிசியில் சொன்ன நாள் வரை அவகாசம்.

தலைப்பிலேயே பாலிசி எண், 'தீ விபத்து', ஊர், தேதி நாலும் வரட்டும். உள்ளே முதல் வரியில் பாலிசிதாரர் பெயர், குடோன் முகவரி. பாலிசியில் உள்ள முகவரியும் இதுவும் ஒன்றா என்று பார்த்துக்கோங்க. அடுத்து, தீயை முதலில் யார், எத்தனை மணிக்குப் பார்த்தார், தீயணைப்புத் துறைக்கு எப்போது போன் போனது என்பதை வரிசையாக எழுதணும்.

பலர் சறுக்குவது காரணம் எழுதும் இடத்தில்தான். 'மூட்டை சூடேறித் தானாகப் பற்றிக்கிச்சு' என்று ஊகமாக எழுதினால் சிக்கல், ஏன்னா சில பாலிசிகளில் அப்படிப் பற்றும் தீக்கு இழப்பீடு கிடையாது. 'காரணம் இன்னும் தெரியவில்லை, விசாரணை நடக்கிறது' என்பதே போதும், அதுதான் உண்மையும்கூட.

நஷ்டத்தையும் இப்படியே சொல்லலாம்: 'சுமார் 150 மூட்டை எரிந்தது, மீதி நனைந்தது. எரிந்ததன் மதிப்பு தோராயமாக 2 லட்சம் ரூபாய், கணக்கெடுத்ததும் மாறலாம்.'

நனைந்த மூட்டைகளைப் போட்டோ எடுத்துவிட்டு உலர்ந்த இடத்துக்கு மாற்றலாம். ஆனால் சர்வேயர் பார்க்கும் வரை எதையும் விற்கவோ கொட்டவோ கூடாது. பொருள் இப்போது எங்கே இருக்கிறது, சர்வேயர் யாரை எந்த நம்பரில் கூப்பிட வேண்டும் என்பதைக் கடைசியில் எழுதி, கிளெய்ம் எண்ணைப் பதிலில் கேளுங்க.