முதல் ஆய்வுக் கட்டுரை: ஜர்னலுக்கா, கான்ஃபரன்ஸுக்கா?

புதுச்சேரி கனகசெட்டிக்குளம் பக்கம், காலாப்பட்டில் உள்ள புதுச்சேரி பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் பிஎச்.டி. சேருபவர்களுக்கு வரும் குழப்பம் இது. 2016 யுஜிசி விதிப்படி, ஆய்வேட்டைக் கொடுக்கும் முன் ஒரு ஜர்னல் கட்டுரையும் கருத்தரங்குகளில் இரண்டு கட்டுரை வாசிப்புகளும் கட்டாயம். 2022-ல் அந்தக் கட்டாயம் போய்விட்டது. ஆனால் பல்கலைக்கழகம் தனியாகக் கேட்கலாம்; முதலில் அதை விசாரிச்சுக்கோங்க.

கம்ப்யூட்டர் சயின்ஸ் என்றால், முழுக் கட்டுரையையும் மதிப்பாய்வு செய்யும் நல்ல கான்ஃபரன்ஸுக்கே அனுப்பலாம். அந்தத் துறையில் அதற்கு ஜர்னலுக்கு இணையான மதிப்பு உண்டு. வேதியியல், உயிரியல் மாணவர்கள் கான்ஃபரன்ஸில் சுருக்கத்தை மட்டும் கொடுத்து, அங்கே எழும் கேள்விகளை வைத்துத் திருத்தி, முழுக் கட்டுரையை ஜர்னலுக்கு அனுப்புவது நல்லது. கான்ஃபரன்ஸ் தொகுப்பில் முழுசாக வெளிவந்துவிட்டால், புதிய முடிவுகளைச் சேர்க்காமல் பெரும்பாலான ஜர்னல்கள் ஏற்காது. ஒரே கட்டுரையை ஒரே நேரத்தில் இரண்டுக்கும் அனுப்புவதும் விதிமீறல்தான்.