குளிசை போட்டாச்சா, சாப்பிட்டாச்சா? ஒரு வட்ஸ்அப் குழுவும் அம்மாவின் மருந்து நேரமும்

யாழ்ப்பாணத்தில் வயதான அம்மாவோ அப்பாவோ தனியாக இருக்கும் பல வீடுகளுக்குப் பின்னால் ஒரு வட்ஸ்அப் குழு இருக்கிறது. ஒரு பிள்ளை ரொறன்ரோவில், ஒரு பிள்ளை லண்டனில், ஒருவர் ஊரில். காலையில் வந்து சமைத்துப் பார்த்துவிட்டுப் போகும் உதவியாளரும் அதில் இருப்பார். எங்கள் வீட்டுக் குழுவில் ஐந்து பேர். அம்மாவுக்கு வயது 76. சீனி வருத்தமும் பிரஷரும் உண்டு. குளிசையை நினைவூட்டுவதற்கென்றே தொடங்கிய குழு இது. ஆனால் நினைவூட்டல் அதில் மிகச் சிறிய வேலை என்பது போகப்போகத்தான் தெரிந்தது. குளிசை உண்மையில் உள்ளே போனதா, ஒரு தரம் மட்டும்தான் போனதா, அதற்குப் பின் சாப்பாடு போனதா என்ற மூன்று கேள்விக்கும் பதில் கிடைப்பதுதான் பெரிய வேலை.

யார் எந்த நேரத்துக்குப் பொறுப்பு

எல்லோரும் எல்லா நேரமும் கேட்டால் இரண்டு விடயம் நடக்கும். ஒன்று, அம்மாவுக்கு ஒரே காலையில் மூன்று அழைப்பு வரும். தொல்லை தாங்காமல் "போட்டிட்டன்" என்று சொல்லிவிடுவார். மற்றது, ஒருவர் கேட்டிருப்பார் என்று நினைத்து ஒருவருமே கேட்காமல் விடுவார்கள். அதனால் ஒரு நேரத்துக்கு ஒருவர்தான் பொறுப்பு.

அதை நேர வித்தியாசமே பிரித்துத் தருகிறது. இங்கே காலை 7 மணி என்றால், கோடையில் ரொறன்ரோவில் முதல்நாள் இரவு 9.30. அண்ணா விழித்திருப்பார். லண்டனில் அப்போது அதிகாலை 2.30. ஆகவே காலை மருந்து அண்ணாவுக்கு. இங்கே இரவு 8 மணி லண்டனில் பிற்பகல் 3.30; அது அக்காவுக்கு.

இதில் ஒரு பொறி உண்டு. கனடாவும் பிரித்தானியாவும் ஆண்டுக்கு இரண்டு தடவை மணிக்கூட்டை மாற்றுகின்றன. அதுவும் ஒரே நாளில் அல்ல. இலங்கை மாற்றுவதில்லை. அங்கே கைத்தொலைபேசியில் 9.30க்கு வைத்த அலாரம் குளிர்காலத்தில் இங்கே காலை 8 மணிக்குத்தான் அடிக்கும். அதனால் மருந்துக்கான அலாரம் அம்மாவின் வீட்டிலுள்ள தொலைபேசியில் இருக்க வேண்டும். வெளிநாட்டில் இருப்பவர்கள் கலண்டரில் வைப்பதென்றால் நேர வலயத்தைக் கொழும்பு என்று தெரிவு செய்து வைக்க வேண்டும். குழுவில் எழுதும் திகதியும் இலங்கைத் திகதியாகவே இருக்க வேண்டும். அண்ணா "இண்டைக்கு" என்று எழுதினால் அது எங்களுக்கு நேற்று.

"குடுத்தாச்சு" என்று யார் எழுதலாம்

வீட்டில் நேரில் நிற்பவர் மட்டுமே எழுதலாம். அம்மா தொலைபேசியில் "போட்டிட்டன்" என்று சொன்னதைக் கேட்டு அண்ணா எழுதக்கூடாது. அம்மா பொய் சொல்வதாக அர்த்தமில்லை. நேற்றுப் போட்டதும் இன்று போட்டதும் அந்த வயதில் கலந்துபோகும்.

இதற்குச் சாட்சி குளிசைப் பெட்டி. ஏழு நாளுக்கும் காலை, மதியம், இரவு என்று அறை பிரித்த பிளாஸ்டிக் பெட்டி. ஞாயிறு பின்னேரம் ஒருவர் மட்டும், கிளினிக் கொப்பியைப் பார்த்து நிரப்புகிறார். எங்கள் வீட்டில் அது நான். அறை வெறுமையென்றால் குளிசை எடுக்கப்பட்டிருக்கிறது. கட்டிலடியிலோ தலையணைக்குக் கீழோ குளிசை கிடந்தால்தான் பெட்டியின் சாட்சியும் பொய்க்கும். அதனால் விழுங்கும் வரை பக்கத்தில் நிற்பது உதவியாளரின் வேலையில் ஒரு பகுதி.

போட்டதா இல்லையா என்று பெட்டியைப் பார்த்தும் தெரியாவிட்டால், இன்னொன்று கொடுப்பதில்லை. சீனிக்கும் பிரஷருக்கும் ஒரு வேளை தவறுவதைவிட இரட்டிப்பாகப் போவதே பெரும்பாலும் ஆபத்து. அடுத்த வேளைக்கும் சேர்த்து இரண்டாகப் போடுவதும் கூடாது. இன்சுலின் பெட்டிக்குள் வராது. அது போடும் வீடுகளில் நேரத்தையும் எத்தனை யூனிற் என்பதையும் போட்ட உடனேயே கொப்பியில் எழுத வேண்டும். இன்சுலினோ வோர்பரினோ தவறினால் குழுவில் ஆலோசனை கேட்காமல் வைத்தியரிடம்தான் கேட்க வேண்டும்.

இரண்டாவது செய்தி ஏன் வந்தது

அம்மாவின் காலைக் குளிசைகளில் ஒன்று கிளிக்லசைட். கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கச் செய்யும் மருந்து. சாப்பாடு வந்தாலும் வராவிட்டாலும் அது தன் வேலையைச் செய்யும்.

ஒரு கந்தசஷ்டி நாளில் குழுவில் 7.05க்கு "காலை குடுத்தாச்சு" என்று செய்தி வந்தது. ரொறன்ரோவிலிருந்து ஒரு கைவிரல் அடையாளமும் விழுந்தது. எல்லாம் சரி. ஆனால் அம்மா ஒருவருக்கும் சொல்லாமல் விரதம். மேசையில் மூடி வைத்த இடியப்பம் அப்படியே இருந்தது. 10.30 அளவில் வியர்த்து, கை நடுங்கி, கேட்ட கேள்விக்கு வேறு பதில் சொல்லத் தொடங்கினார். விரதக் களைப்பு என்று படுக்க விட்டிருக்கலாம். உதவியாளர் விரலில் குத்திப் பார்த்தார்: 58. 70க்குக் கீழே போனால் தாழ்சீனி. மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்துத் திரும்பப் பார்த்தபோது 84. பிறகுதான் இடியப்பம். இந்த மருந்தின் வேலை பல மணித்தியாலம் நீடிக்கும் என்பதால் அன்று பின்னேரம் வரை இடையிடையே பார்க்க வேண்டியிருந்தது. நினைவு தப்பியிருந்தால் வாயில் ஒன்றும் விடக்கூடாது. 1990 அம்புலன்ஸை அழைக்க வேண்டும்.

அன்றிலிருந்து காலைக்கு இரண்டு செய்தி. "14 காலை, போட்டாச்சு." அரை மணிக்குள் "14 காலை, சாப்பிட்டா." இரண்டாவது வராவிட்டால் வேளை முடியவில்லை. ஒழுங்கும் மாறியது: சாப்பாடு மேசைக்கு வந்த பிறகுதான் குளிசைப் பெட்டி வரும். விரத நாட்களை முன்கூட்டியே கேட்டுக் குழுவில் குறித்து வைக்கிறோம். விரதத்தை நிறுத்தச் சொல்லவில்லை. அந்த நாட்களில் எந்தக் குளிசையை எப்படி எடுப்பது என்று கிளினிக்கில் கேட்டு, அதையும் கொப்பியில் எழுதுவித்தோம். வெறும் வயிற்றில் இரத்தம் எடுக்கும் நாளும் இப்படித்தான்: இரத்தம் கொடுத்துச் சாப்பாடும் கையில் வந்த பின்னரே அந்தக் குளிசை.

கிளினிக் முடிந்து வரும் நாள்

பிழை நுழைய அதிக வழியுள்ள நாள் இது. கடதாசிப் பையில் வரும் குளிசை போன மாதத்தைவிட வேறு நிறத்தில் இருக்கலாம். ஆஸ்பத்திரியில் இல்லாத மருந்தை வெளியே பாமசியில் வாங்கும்போது அது வேறு வியாபாரப் பெயரில் வரும். 2022 மருந்துத் தட்டுப்பாட்டுக் காலத்தில் இது பல வீடுகளில் நடந்தது. பழைய பெட்டியில் லொசார்டன், புதிய பெட்டியில் இன்னொரு பெயரில் அதே லொசார்டன். இரண்டையும் போட்டால் பிரஷர் விழுந்து, எழும்பும்போது தலைசுற்றி ஆளும் விழுவார்.

ஆகவே கொப்பியின் புதிய பக்கமும் ஒவ்வொரு பையின் மேலெழுத்தும் அன்றே படமாகக் குழுவுக்கு வரும். வியாபாரப் பெயரை விட்டு, கீழே சிறிய எழுத்தில் உள்ள மருந்தின் பெயரையும் மில்லிகிராமையும் அக்கா பழைய பட்டியலோடு ஒப்பிடுவார். ஒத்து வந்த பிறகு புதிய பட்டியல் குழுவின் மேலே பின் செய்யப்படும். பழைய மிச்சக் குளிசைகள் வீட்டில் இருக்காது.

மௌனம் வந்தால்

7.45 வரை செய்தி இல்லையென்றால் அண்ணா மட்டும் வீட்டுக்கு அழைப்பார். பதில் இல்லையென்றால் எனக்கு. நான் போய்ப் பார்ப்பேன். டேற்றா முடிந்திருக்கலாம், மின்சாரம் இல்லாமல் தொலைபேசி செத்திருக்கலாம். மௌனத்தை "குடுக்கவில்லை" என்று எடுத்து, பக்கத்து வீட்டாரைக் கொண்டு குளிசை கொடுக்கச் செய்தால் அது இரண்டாவது தடவையாகிவிடலாம்.

உதவியாளரிடம் கேள்வி கேட்பதும் அந்த வேளைக்குப் பொறுப்பானவர் மட்டுமே. பிந்தியதற்கு நாலு நாட்டிலிருந்தும் ஏச்சு விழுந்தால், அடுத்த நாள் கொடுக்க முதலே "குடுத்தாச்சு" என்ற செய்தி வந்துவிடும். "இண்டைக்கு மறந்திட்டன்" என்று பயமில்லாமல் எழுதக்கூடிய குழுவில்தான் "குடுத்தாச்சு" என்ற சொல்லையும் நம்பலாம்.