ஒளிப்பட அட்டவணை மீட்பு

அச்சிட்ட பக்கத்தைக் கைப்பேசியில் படமெடுத்து, அதிலுள்ள அட்டவணையைக் கணக்குப் போடக்கூடிய விரிதாளாக மாற்றும் முறை இது. எக்செல் கைப்பேசிச் செயலியில் இந்த வசதி 2019 முதல் உண்டு. டெசராக்ட் என்ற இலவச எழுத்துணரி மென்பொருளைக் கொண்டும் செய்யலாம்.

ஏ4 தாளை அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் பதிய 2480 × 3508 புள்ளிகள் வேண்டும். 12 மெகாபிக்சல் கேமராவுக்கு அது எட்டும், பக்கம் சட்டகத்தை நிறைக்க வேண்டும், அவ்வளவுதான். சாய்வாக எடுத்த படத்தை, தாளின் நான்கு மூலைகளைக் குறித்து நேராக்கிவிடலாம். புத்தக முதுகின் அருகே வளையும் எழுத்துகள் அப்படி நேராகாது. பக்கத்தை அழுத்திப் பிடித்து மறுபடி எடுப்பதே நல்லது. பிறகு மென்பொருள் கோடுகளையோ, கோடில்லாத இடத்தில் வெற்றிடத்தையோ பார்த்துக் கட்டங்களைப் பிரித்து, ஒவ்வொன்றாகப் படிக்கும்.

பிழை பார்ப்பதில்தான் உழைப்பு அதிகம். கண்ணால் ஒப்பிட்டால் 1-க்கும் 7-க்கும் உள்ள வேறுபாடு எளிதில் தப்பிவிடும். அச்சிலேயே கூட்டுத்தொகை இருந்தால் அதைச் சாட்சியாக்க வேண்டும். மூன்று பொருள்களின் மூன்று மாத விற்பனையை மென்பொருள் இப்படிப் படித்தது என்று எடுத்துக்கொள்வோம்:

| பொருள் | ஏப்ரல் | மே | ஜூன் | மொத்தம் |
|---|---|---|---|---|
| அரிசி | 1350 | 1280 | 1415 | 4045 |
| பருப்பு | 640 | 775 | 690 | 2045 |
| எண்ணெய் | 983 | 1020 | 875 | 2878 |
| மொத்தம் | 2973 | 3015 | 2980 | 8968 |

தலைப்பு முதல் வரிசையில் இருந்தால், வரிசைக்கும் நிரலுக்கும் வித்தியாசம் காண:

```
=SUM(B3:D3)-E3
=SUM(C2:C4)-C5
```

இரண்டிலும் 60 வருகிறது. மற்ற எல்லாவற்றிலும் 0. பருப்பு வரிசையும் மே நிரலும் சந்திக்கும் 775-தான் குற்றவாளி. பத்தின் இடத்தில் 6 கூடியிருக்கிறது, அதாவது 1-ஐ 7 என்று படித்திருக்கிறது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து 715 என்று திருத்தலாம்.

வித்தியாசத்தின் வடிவமே பிழையின் வகையைச் சொல்லும். 715-ஐ 7I5 என்று படித்திருந்தால் அது எழுத்தாகிவிடும். SUM அதை விட்டுவிடுவதால் வித்தியாசம் முழுசாக -715 வரும், கட்டமும் இடப்பக்கம் ஒட்டி நிற்கும். காற்புள்ளி புள்ளியாகி 1,350 என்பது 1.350 ஆனால், முழு எண்கள் மட்டுமே உள்ள அட்டவணையில் தசமம் தலைகாட்டும். வரிசைக் கூட்டல் சரியாக இருந்து, அடுத்தடுத்த இரு நிரல்களில் ஒன்றில் கூடியும் மற்றொன்றில் அதே அளவு குறைந்தும் வந்தால், வெற்றுக் கட்டத்துக்குள் பக்கத்து எண் நகர்ந்திருக்கிறது என்று கொள்ளலாம். கோடில்லாத அட்டவணைகளில் இதை முதலில் சந்தேகிக்க வேண்டும்.

ஒரு வரிசையின் மொத்தமே தவறாகப் படிக்கப்பட்டாலும் தெரியும்: அந்த வரிசை பொருந்தாது, மாத நிரல்கள் பொருந்தும், மொத்த நிரல் மட்டும் இடறும். ஒரே வரிசையில் ஒன்றையொன்று ஈடுகட்டும் இரு பிழைகளை நிரல் கூட்டல் காட்டிக்கொடுக்கும். முழுமையாக்கிய சதவீதங்களில் 0.1 வித்தியாசம் அச்சிலேயே இருக்கலாம். அதைத் திருத்தக் கூடாது. பொருள் பெயர்களுக்கு இந்தச் சோதனை உதவாது. மொத்தம் அச்சிடாத அட்டவணைக்கு, வேறு வெளிச்சத்தில் இரண்டாவது படம் எடுத்து, இரு முடிவுகளும் முரண்படும் கட்டங்களை மூலத்தோடு ஒப்பிடலாம். இரண்டு படத்திலும் ஒரே மாதிரி தவறாகப் படித்தது அப்போதும் தப்பும்.