பிரித்து உண்ணும் காலை உணவு: கர்ப்பகால நீரிழிவில் ஒரு மறுபார்வை

கர்ப்பகால நீரிழிவு உள்ள ஒரு பெண் காலை எட்டு மணிக்குச் சாப்பிடும் நான்கு இட்லியும், மதியம் ஒரு மணிக்குச் சாப்பிடும் அதே நான்கு இட்லியும் இரத்தச் சர்க்கரையை ஒரே அளவுக்கு உயர்த்துவதில்லை. பெரும்பாலும் காலையில்தான் ஏற்றம் அதிகம். கர்ப்பத்தின் பிற்பாதியில் நஞ்சுக்கொடி சுரக்கும் ஹார்மோன்கள் இன்சுலினின் வேலையைத் தடுக்கின்றன. விடியற்காலையில் கார்டிசாலும் வளர்ச்சி ஹார்மோனும் உயர்ந்து அந்தத் தடையைக் கூட்டுகின்றன. ஆகவே ஒரு நாளில் எவ்வளவு மாவுச்சத்து என்பதோடு, அதில் எவ்வளவு காலையில் என்பதையும் கேட்க வேண்டும்.

இதற்குச் சென்னை மருத்துவர் வீ. சேஷையாவும் அவரைச் சார்ந்த டிப்ஸி குழுவினரும் முன்வைத்த விடை எளிமையானது. காலை உணவை இரண்டாகப் பிரித்து, எட்டு மணிக்கு ஒரு பங்கும் பத்து மணிக்கு மறு பங்கும் உண்ண வேண்டும். அப்படிச் செய்தால் பத்து மணி அளவு 20 முதல் 30 மி.கி. வரை குறையும் என்பது அவர்கள் கூற்று. நம் வீடுகளில் இட்லியை விட்டுவிடச் சொல்வதைவிட இது நடைமுறைக்கு ஒத்த அறிவுரை. அதை நான் ஏற்கிறேன். ஆனால் பத்து மணியோடு அளவீட்டை நிறுத்திக்கொள்வதை ஏற்க முடியவில்லை. அந்த நேரத்தில் குளுக்கோமீட்டர் காட்டுவது பாதி உணவின் விளைவை மட்டுமே. எண் குறைந்ததில் பிரித்து உண்டதன் பங்கு எவ்வளவு, பாதி உணவு இன்னும் வயிற்றுக்குள் போகாததன் பங்கு எவ்வளவு என்று அந்த ஓர் அளவீட்டால் சொல்ல இயலாது.

விளக்கத்துக்காக 28 வாரக் கர்ப்பிணி ஒருவரை எடுத்துக்கொள்வோம். எண்கள் நான் அமைத்தவை. எட்டு மணிக்கு நான்கு இட்லி உண்ட நாளில் பத்து மணிக்கு 148. உணவுக்குப் பின் இரண்டு மணி நேரத்தில் 120-க்குக் கீழ் இருக்க வேண்டும் என்பது இந்திய வழிகாட்டுதலின் இலக்கு. மறுநாள் இரண்டு இட்லி, பருப்பு மிகுந்த சாம்பார், ஒரு அவித்த முட்டை. பத்து மணிக்கு விரலைக் குத்திப் பார்த்தால் 116. உடனே மீதி இரண்டு இட்லியைச் சட்னி தொட்டு உண்கிறார். பலர் இந்த இடத்தில் நிம்மதியடைந்துவிடுவார்கள். இவரோ பன்னிரண்டு மணிக்கும் பார்க்கிறார்: 131. முதல் பங்கு முழுதும் இறங்குமுன் இரண்டாவது ஏறிவிட்டது. அடுத்த நாள் இரண்டாம் பங்கைப் பத்தரைக்குத் தள்ளி, இட்லிக்குப் பதிலாக அரைக் கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டல் உண்கிறார். பன்னிரண்டரைக்கு 112.

இடைத்தீனியின் வேலை என்ன என்பதும் இங்கே தெளிவாகிறது. அரைக் கிண்ணம் சுண்டலில் ஏறத்தாழ 20 கிராம் மாவுச்சத்து உண்டு. இரண்டு நடுத்தர இட்லியில் உள்ளதைவிடச் சற்றே குறைவு. ஆனால் நார்ச்சத்தும் புரதமும் அதை மெதுவாக வெளிவிடுகின்றன. அரைத்த மாவில் அந்தத் தடை இல்லை. கேழ்வரகுக் கஞ்சியை 'சத்தானது' என்று மாமியார் அன்போடு ஆற்றித் தருவார். சத்து உண்மைதான், ஆனால் நைசாக அரைத்துக் காய்ச்சிய மாவு வேகமாகச் சர்க்கரையாகிறது. பழச்சாறும் அப்படியே, கொய்யாவைக் கடித்துத் தின்பது வேறு, பிழிந்து குடிப்பது வேறு. 'சர்க்கரை சேர்க்காதது' என்று அச்சிட்ட பிஸ்கட்டும் மைதாதான்.

பிரிப்பது குறைப்பதாக மாறிவிடக் கூடாது. எண்ணைக் கண்டு பயந்து இரவுச் சோற்றை அடியோடு விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். கர்ப்பிணியின் உடல் பட்டினியை மிக விரைவில் உணர்ந்து கொழுப்பை எரிக்கிறது, கீட்டோன் சேர்கிறது. நாளொன்றுக்குக் குறைந்தது 175 கிராம் மாவுச்சத்து என்ற பரிந்துரைக்கு இதுவும் ஒரு காரணம். காலையில் சாம்பாரோடு சேர்த்து 30, முற்பகல் சுண்டலில் 20, மதியம் ஒரு கிண்ணம் சோறும் பருப்பும் கீரையுமாக 60, மாலையில் ஒரு கொய்யாவும் வேர்க்கடலையும் 20, இரவு இரண்டு சப்பாத்தியும் பயறும் 45, படுக்குமுன் சர்க்கரையில்லாப் பால் 10 என்றால் 185 ஆகிறது. வீட்டுக் கிண்ணத்தின் அளவு வேறுபடும் என்பதால் முதல் வாரம் சோற்றை நிறுத்துப் பார்ப்பது நல்லது.

இந்த முறை எட்டாத ஓர் எண் உண்டு: வெறும் வயிற்று அளவு. அது இரவு முழுதும் கல்லீரல் விடும் சர்க்கரையைச் சார்ந்தது. காலை இட்லியைப் பிரிப்பதால் அது இறங்காது. இரண்டு வார உணவுச் சிகிச்சைக்குப் பிறகும் அது 95-இலோ அதற்கு மேலோ நின்றாலும், உணவுக்குப் பிந்தைய அளவு 120-ஐத் தாண்டினாலும், இன்சுலினோ மெட்ஃபார்மினோ தேவையா என்று மருத்துவர்தான் முடிவுசெய்ய வேண்டும். ஆலோசனைக்குப் போகும்போது பத்து மணி எண்ணை மட்டும் எழுதிக்கொண்டு போகாமல், வெறும் வயிறு, பத்து மணி, நண்பகல் என மூன்றையும், அந்தந்த வேளை தட்டில் இருந்ததையும் ஒரே பக்கத்தில் எழுதிக்கொண்டு போக வேண்டும்.