சுற்றுலாக் கட்டண மீளளிப்பு அறிவிப்புக்கான மறுமொழி

சுற்றுலாக் கட்டண மீளளிப்பு அறிவிப்புக்கான மறுமொழி என்பது, நீக்கப்பட்ட தொகுப்புச் சுற்றுலா ஒன்றிற்காகச் செலுத்திய பணத்தைத் திருப்பிக் கேட்டு வாடிக்கையாளர் அனுப்பும் நுகர்வோர் அறிவிப்புக்குப் பயண ஏற்பாட்டாளர் எழுத்து வடிவில் அளிக்கும் முறையான பதில் ஆகும். இது பேச்சு வழக்கில் பதில் நோட்டீஸ் எனப்படுகிறது. பயணத் தொழிலில் வாடிக்கையாளரை விருந்தினர் என்று குறிப்பிடுவது வழக்கம். இக்கட்டுரை இந்தியச் சட்டத்தின் கீழ் இத்தகைய மறுமொழி எவ்வாறு அமைகிறது என்பதை விளக்குகிறது.

இம்மறுமொழி வாடிக்கையாளருக்கு எழுதப்பட்டாலும், பிற்காலத்தில் அதனைப் படிப்பவர் பெரும்பாலும் நுகர்வோர் ஆணையமே ஆகும். வழக்கு தொடரப்பட்டால் அறிவிப்பும் மறுமொழியும் ஆவணங்களாக இணைக்கப்படும். மறுமொழியில் ஒப்புக்கொண்டதைப் பின்னர் மறுப்பது கடினம். அதில் சொல்லாத ஒரு காரணத்தைப் பின்னர் புதிதாக எழுப்பினால் அது எளிதில் நம்பப்படுவதில்லை.

சட்டப் பின்னணி

1986 ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்கு மாற்றாக இயற்றப்பட்ட 2019 ஆம் ஆண்டுச் சட்டம், 2020 சூலை 20 முதல் நடைமுறைக்கு வந்தது. புகார் அளிப்பதற்கு முன் அறிவிப்பு அனுப்ப வேண்டும் என்று இச்சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. எனவே அறிவிப்பில் காணப்படும் "15 நாட்களுக்குள்" என்பது போன்ற கெடு, அனுப்புபவர் விதிப்பதே அன்றிச் சட்டம் விதிப்பதன்று. மறுமொழி அளிப்பதும் சட்டக் கடமை அல்ல. எனினும், பதில் அளிக்காமல் இருப்பது குறையைப் புறக்கணித்ததன் அடையாளமாகக் கொள்ளப்படக்கூடும்.

புகார் ஆணையத்தில் பதிவான பின் கிடைக்கும் அறிவிப்பு இதனின்றும் வேறுபட்டது. அதற்கான எழுத்துமூல எதிருரையை 30 நாட்களுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். ஆணையம் மேலும் 15 நாட்கள் வரை மட்டுமே நீட்டிக்கலாம். இந்த 45 நாள் வரம்பைக் கடக்க முடியாது என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியலமைப்பு ஆயம் 2020 ஆம் ஆண்டில் தீர்ப்பளித்தது. ஆகவே கையில் கிடைத்த தாள் இவ்விரண்டில் எது என்பதை அறிவதே முதல் பணி ஆகும். வழக்கு எண்ணும் ஆணையத்தின் முத்திரையும் இருந்தால் அது இரண்டாம் வகை ஆகும்.

யார் நீக்கினார் என்னும் கேள்வி

மறுமொழியின் போக்கு முழுவதும் பயணத்தை நீக்கியவர் யார் என்பதைப் பொறுத்தது.

*ஏற்பாட்டாளர் நீக்கியிருந்தால்* முழுத் தொகையையும் திருப்பித் தருவதே பொதுவான விளைவு ஆகும். போதிய ஆட்கள் சேரவில்லை என்பது அவருடைய வணிக இடர். அதனை விருந்தினர் தலையில் சுமத்த இயலாது. குறைபாடுள்ள சேவைக்கான தொகையை, ரசீதில் குறித்த காலத்துக்குள்ளோ, காலம் குறிக்கப்படாவிடில் 30 நாட்களுக்குள்ளோ திருப்பித்தர மறுப்பதை 2019 ஆம் ஆண்டுச் சட்டத்தின் 2(47) ஆம் பிரிவு நேர்மையற்ற வணிக நடைமுறையாகக் கொள்கிறது.

*புயல், அரசுத் தடை ஆகியவற்றால் பயணம் இயலாமற் போனால்* 1872 ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 56 ஆம் பிரிவுப்படி ஒப்பந்தம் செல்லாததாகிறது. இந்நிலையில், பெற்ற பயனைத் திருப்பித் தர வேண்டும் அல்லது அதற்கு ஈடு செய்ய வேண்டும் என்று 65 ஆம் பிரிவு கூறுகிறது. எனவே "இயற்கைச் சீற்றத்துக்கு நாங்கள் பொறுப்பல்ல" என்னும் வரி இழப்பீட்டுக் கோரிக்கைக்கு விடையாகலாம். பணத்தை வைத்துக்கொள்வதற்குக் காரணம் ஆகாது.

*விருந்தினர் நீக்கியிருந்தால்* ஒப்பந்தத்தின் நீக்க விதி முன்வருகிறது. பெரும்பாலான பிணக்குகள் இவ்வகையின. இங்கும் "பணம் திருப்பித் தரப்படமாட்டாது" என்னும் விதி முற்றுப்புள்ளி ஆவதில்லை. ஒப்பந்தச் சட்டத்தின் 74 ஆம் பிரிவு, ஒப்பந்தத்தில் குறித்த தொகையை உச்ச வரம்பாக மட்டுமே கொண்டு, அதற்குள் நியாயமான ஈட்டையே அனுமதிக்கிறது. இழப்பை நிறுவ முடிந்த இடத்தில் அதனை நிறுவியாக வேண்டும் என்பதை உச்ச நீதிமன்றம் கைலாசு நாத் அசோசியேட்சு வழக்கில் (2015) விளக்கியது. நுகர்வோர் சட்டத்தின் 2(46) ஆம் பிரிவும், நேர்ந்த இழப்புக்கு முற்றிலும் பொருந்தாத தண்டத்தை விதிக்கும் ஒப்பந்தத்தை நேர்மையற்ற ஒப்பந்தம் என்கிறது.

இதிலிருந்து மறுமொழியின் மையம் தெளிவாகிறது. விதியை மேற்கோள் காட்டுவது மட்டும் போதாது. வைத்துக்கொண்ட ஒவ்வொரு ரூபாயும் எங்கே சென்றது என்பதைக் காட்ட வேண்டும்.

எடுத்துக்காட்டு

பின்வருவது விளக்கத்துக்காக அமைக்கப்பட்ட கற்பனை நிகழ்வு ஆகும். சென்னையைச் சேர்ந்த நால்வர் குடும்பம் ஒன்று அந்தமான் சுற்றுலாவுக்கு 1,60,000 ரூபாயும், அதற்கான 5 விழுக்காடு சரக்கு மற்றும் சேவை வரியாக 8,000 ரூபாயும் ஆக மொத்தம் 1,68,000 ரூபாய் செலுத்துகிறது. புறப்பாட்டுக்கு 12 நாட்கள் இருக்கையில், குடும்பத்தில் ஒருவரின் உடல்நலக் குறைவால் பயணத்தை நீக்குகிறது. 15 நாட்களுக்குள் நீக்கினால் பணம் இல்லை என்பது ஏற்பாட்டாளரின் விதி. முழுத் தொகையும், மன உளைச்சலுக்கு 1,00,000 ரூபாயும் கேட்டு அறிவிப்பு வருகிறது.

ஏற்பாட்டாளர் தம் கணக்கைப் பார்க்கிறார்.

* விமானச் சீட்டுகள் 48,000 ரூபாய். விமான நிறுவனம் திருப்பியது, பயன்படுத்தாத விமான நிலையக் கட்டணங்கள் உட்பட, 8,000. இழப்பு 40,000.
* விடுதிகள் 62,000 ரூபாய். திரும்பியது 40,000. இழப்பு 22,000.
* தீவுகளுக்கிடையிலான படகுச் சீட்டுகள் 16,000 ரூபாய். திரும்பியது 12,000. இழப்பு 4,000.
* ஊர்தியும் வழிகாட்டியும் 14,000 ரூபாய். பணம் இன்னும் கொடுக்கப்படவில்லை. இழப்பு இல்லை.
* ஏற்பாட்டாளரின் சேவைக் கட்டணம் 20,000 ரூபாய். பதிவுப் பணிகள் முடிந்தன. பயணக்காலப் பணிகள் நிகழவில்லை. பாதியை, அதாவது 10,000 ரூபாயைக் கோருகிறார்.

வைத்துக்கொள்ளத்தக்கது 76,000 ரூபாய். எஞ்சிய 84,000 ரூபாயுடன் அதற்குரிய வரி 4,200 ரூபாயும் சேர்த்து 88,200 ரூபாய் திருப்பித் தரத்தக்கது. நீக்கக் கட்டணமாக நிறுத்தப்படும் 76,000 ரூபாய்க்கு வரி 3,800 ரூபாய் ஆகும். ஆக ஏற்பாட்டாளரிடம் நிற்பது 79,800 ரூபாய்; இரண்டும் சேர்ந்து 1,68,000 ரூபாய் ஆகின்றன. வரியைச் சரிசெய்ய விருந்தினருக்கு வரவுக் குறிப்பு வழங்கப்பட வேண்டும்.

இக்கணக்கில் விவாதத்துக்கு உரியது சேவைக் கட்டணத்தின் பாதி மட்டுமே. மற்றவற்றுக்கு விடுதி, விமான நிறுவனம், படகு நிறுவனம் ஆகியவற்றின் நீக்க ரசீதுகள் சான்றாகும். ரசீது இல்லாத இழப்பை மறுமொழியில் கோருவது, சான்றுள்ள பிற இழப்புகளின் மீதும் ஐயத்தை உண்டாக்கும்.

மறுமொழியின் அமைப்பு

தலைப்பில் பெறுநர், அறிவிப்பின் நாள், பதிவு எண் ஆகியவை குறிக்கப்படுகின்றன. அடுத்து, ஒப்புக்கொள்ளும் செய்திகள் வருகின்றன: பதிவு செய்த நாள், பெற்ற தொகை, நீக்கக் கோரிக்கை வந்த நாள். பின்னர் மறுக்கப்படும் கூற்றுகள், அறிவிப்பின் பத்தி எண்களை ஒட்டித் தனித்தனியே மறுக்கப்படுகின்றன. அதன்பின் கணக்கும் முன்மொழிவும் இடம்பெறுகின்றன. மேற்கண்ட நிகழ்வில் மையப் பத்தி பின்வருமாறு அமையலாம்:

> "தங்கள் அறிவிப்பின் 4 ஆம் பத்தியில் எவ்விதச் சேவையும் அளிக்கப்படவில்லை எனக் கூறியிருப்பது சரியன்று. தங்களுடைய நீக்கக் கோரிக்கை வருவதற்கு முன்னரே விமானம், விடுதி, படகு ஆகியவற்றுக்கான பதிவுகள் செய்யப்பட்டிருந்தன. அவற்றில் திரும்பப் பெற இயலாத தொகைகள் இணைப்பு 1 முதல் 3 வரையிலான ரசீதுகளில் காட்டப்பட்டுள்ளன. அவையும், எங்கள் சேவைக் கட்டணத்தின் பாதியான 10,000 ரூபாயும், இவற்றுக்குரிய வரியும் போக எஞ்சிய 88,200 ரூபாயைத் தங்கள் வங்கி விவரம் கிடைத்த ஏழு நாட்களுக்குள் செலுத்த அணியமாக உள்ளோம். இத்தொகையைப் பெறுவதால் எஞ்சிய தொகை குறித்த தங்கள் உரிமை பாதிக்கப்படாது."

இறுதி வரி கவனத்துக்குரியது. மறுக்கப்படாத தொகையைக் கொடுப்பதற்கு "முழுத் தீர்வாக ஏற்கிறேன்" என்ற கையொப்பத்தை நிபந்தனையாக்கினால், தாம் தரவேண்டியது என்று தாமே கணக்கிட்ட பணத்தைப் பிணையாக வைத்த நிலை ஏற்படும். பிணக்கில்லாத தொகையை நிபந்தனையின்றித் தந்துவிட்டால், செலுத்திய தொகையில் எஞ்சுவது 79,800 ரூபாய் குறித்த பிணக்கு மட்டுமே. அதன் மீதான வட்டியும் சுருங்குகிறது.

நல்லெண்ண அடிப்படையில் கூடுதல் தொகை தர விரும்பினால், அதனை "உரிமைகளுக்குப் பாதகமின்றி" என்னும் குறிப்புடன் தனிக் கடிதமாக எழுதுவது வழக்கம். சமரசத்துக்கான முன்மொழிவு பொறுப்பை ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொள்ளப்படாமல் இருக்க இது உதவுகிறது.

மறுமொழியை வழக்கறிஞர் மூலமாகவோ நேரடியாகவோ அனுப்பலாம். அனுப்பியதற்கும் பெற்றதற்கும் சான்று இருக்க வேண்டும். 2025 ஆம் ஆண்டில் இந்திய அஞ்சல் துறை பதிவு அஞ்சலை விரைவு அஞ்சலுடன் இணைத்தமையால், ஒப்புகையுடன் கூடிய விரைவு அஞ்சல் அதன் இடத்தைப் பெற்றுள்ளது.

காணப்படும் பிழைகள்

* *ஒட்டுமொத்த மறுப்பு.* "அறிவிப்பில் உள்ள அனைத்தும் பொய்" என்று எழுதினால், பணம் பெற்றதையும் மறுத்ததாகிறது. ஏற்பாட்டாளரின் ரசீதே அதனைப் பொய்யாக்கும்.
* *எல்லை வாதம்.* "வழக்குகள் எங்கள் ஊருக்கு மட்டுமே உட்பட்டவை" என்னும் விதியை நம்புவது பயனற்றது. புகாரளிப்பவர் தாம் வாழும் அல்லது பணிபுரியும் இடத்து மாவட்ட ஆணையத்தை அணுக 34 ஆம் பிரிவு இடமளிக்கிறது.
* *விதி எப்போது தெரிவிக்கப்பட்டது என்பதைக் காட்டாமை.* பணம் செலுத்திய பின் அனுப்பிய பயணச் சீட்டின் பின்புறத்தில் மட்டும் நீக்க விதி அச்சிடப்பட்டிருந்தால், விருந்தினர் அதற்கு உடன்பட்டார் என்று நிறுவுவது கடினம். பணத்துக்கு முன் அனுப்பிய மின்னஞ்சலோ கையொப்பமிட்ட பதிவுப் படிவமோ இணைக்கப்பட வேண்டும்.
* *பற்றுச்சீட்டைத் திணித்தல்.* அடுத்த பயணத்துக்கான பற்றுச்சீட்டை ஒரு தேர்வாகத் தரலாம். பணத்துக்கு மாற்றாக அதனை ஏற்குமாறு வற்புறுத்த இயலாது.

மறுமொழிக்குப் பின்

விருந்தினர் நிறைவடையாவிடில், பிணக்குக் காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் அளிக்கலாம். அறிவிப்பு அனுப்புவதால் மட்டும் இக்காலம் நீள்வதில்லை. 2021 திசம்பரில் வெளியான விதிகளின்படி, செலுத்திய விலை 50 இலட்சம் ரூபாய் வரையுள்ள புகார்களை மாவட்ட ஆணையம் விசாரிக்கிறது. 5 இலட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை. மேற்கண்ட குடும்பம் செலவின்றிப் புகார் பதிய முடியும் என்பதால், அது வழக்காடத் தயங்கும் என்று ஏற்பாட்டாளர் கணக்கிடுவது பொருந்தாது. சமரசத்துக்கு வாய்ப்பிருப்பதாகக் கருதினால், இருதரப்பின் இசைவுடன் ஆணையம் பிணக்கை இணக்குவிப்புக்கு அனுப்பலாம். கணக்கும் ரசீதுகளும் இணைந்த மறுமொழி ஏற்கனவே இருந்தால், அங்குப் பேசப்பட வேண்டியது ஒன்றிரண்டு எண்களாகக் குறைந்துவிடுகிறது.