அந்தமான் சுற்றுலா: பதாகை விளம்பரத்தின் பலனை அளப்பது எப்படி?

சென்னையில் வைக்கப்படும் ஒரு பதாகையைப் பார்த்தவர்களில் எத்தனை பேர் அந்தமானுக்குப் பயணச்சீட்டு எடுத்தார்கள் என்பதை நேரடியாகக் கண்டறிய வழியில்லை. இணைய விளம்பரத்தில் சொடுக்குகளை எண்ணலாம். பதாகை, நாளிதழ், வானொலி விளம்பரங்களில் அது இயலாது. இத்தகைய நிலையில் கைகொடுப்பது 'சந்தைப்படுத்தல் கலவை மாதிரி' எனப்படும் புள்ளியியல் முறையாகும்.

இம்முறையில் தனிநபர்கள் கண்காணிக்கப்படுவதில்லை. இரண்டு அல்லது மூன்று ஆண்டுகளின் வாராந்திர முன்பதிவு எண்ணிக்கை ஒருபுறமும், அவ்வாரங்களின் விளம்பரச் செலவு, விமானக் கட்டணம், இருக்கைகளின் எண்ணிக்கை, பருவகாலம், விடுமுறை ஆகியவை மறுபுறமும் வைக்கப்படுகின்றன. ஒவ்வொன்றும் முன்பதிவை எந்த அளவு மாற்றியது என்பது தொடர்புப் போக்குப் பகுப்பாய்வின் மூலம் மதிப்பிடப்படுகிறது. விளம்பரம் பார்த்தவர் பல வாரங்கள் கழித்தே தீவுக்கு வருவார் என்பதால், வருகை நாளைவிட முன்பதிவு நாளையே கணக்கில் கொள்வது நல்லது.

விளம்பரத்தின் தாக்கம் அந்த வாரத்துடன் முடிந்துவிடுவதில்லை. வாரந்தோறும் பாதி எஞ்சும் எனக் கொண்டால், ரூ.4 லட்சம் செலவின் தாக்கம் அடுத்தடுத்த வாரங்களில் 2 லட்சம், 1 லட்சம், 50 ஆயிரம் எனக் குறைந்துகொண்டே செல்லும். இந்த எஞ்சிய தாக்கத்தைச் சேர்க்காத மாதிரி, விளம்பரத்தின் பலனைக் குறைத்தே காட்டும்.

இதற்கு நேர்மாறான பிழையும் உண்டு. போர்ட் பிளேர் வீர சாவர்க்கர் விமான நிலையத்தின் புதிய முனையம் 2023 ஜூலை 18 அன்று திறக்கப்பட்டது. இதுபோன்ற மாற்றங்களைத் தனிக் காரணியாகச் சேர்க்காவிட்டால், அதனால் விளைந்த உயர்வும் விளம்பரத்தின் கணக்கில் சேர்ந்துவிடும். மேலும், சுற்றுலாப் பருவத்துக்குச் சற்று முன்பாக மட்டுமே ஆண்டுதோறும் விளம்பரம் செய்தால், உயர்வுக்குக் காரணம் பருவமா, விளம்பரமா என்பதை எந்த மாதிரியாலும் பிரித்தறிய இயலாது. ஓராண்டின் தரவை நீக்கிக் கணக்கிடும்போது மதிப்பீடு பெரிதும் மாறுவது இக்குறையின் அறிகுறி.

இதற்குத் தீர்வு, நகரங்களை ஒப்பிடும் சோதனை. அந்தமானுக்குச் சென்னை, கொல்கத்தா ஆகிய இரு நகரங்களில் இருந்தும் நேரடி விமானங்கள் உள்ளன. எடுத்துக்காட்டாக, வழக்கமான வார முன்பதிவு சென்னையில் 1,000, கொல்கத்தாவில் 1,500 எனக் கொள்வோம். ஆறு வாரங்கள் சென்னையில் மட்டும் விளம்பரம் செய்தபோது, அவை முறையே 1,150, 1,575 ஆக உயர்கின்றன. விளம்பரமே இல்லாத கொல்கத்தாவில் 5 சதவீத உயர்வு இருப்பதால், சென்னையிலும் 1,050 வரை இயல்பாகவே உயர்ந்திருக்கும். எனவே விளம்பரத்தின் பலன் வாரத்துக்கு 150 அல்ல, 100 மட்டுமே. கொல்கத்தாவில் பயணம் பெருகும் துர்கா பூஜைக் காலத்தை இச்சோதனையில் தவிர்க்க வேண்டும்.

விமான இருக்கைகள் நிரம்பிய வாரங்களில் விளம்பரம் ஆர்வத்தைத் தூண்டினாலும் முன்பதிவு உயராது. அவ்வாரங்களைத் தனியே குறிக்காவிட்டால், பயன் தந்த விளம்பரமும் வீண் எனத் தோன்றும்.