இலாபம் கூடியும் பங்கு விலை ஏன் விழுகிறது?

கல்முனைக் கரையில் தோணியும் வலையும் ஒருவருக்குச் சொந்தமென்றால், பிடித்த மீனின் வருமானத்தில் அவருக்கு ஒரு பங்கு உண்டு. நிறுவனப் பங்கும் இதைப் போன்றதுதான். அது கடனல்ல, உரிமை. நிறுவனம் உழைத்தால் உங்களுக்கும் பங்கிலாபம் வரலாம். அது மூடப்பட்டால் கடன்காரருக்கெல்லாம் கொடுத்து மிஞ்சியதே உங்களுக்கு வரும். ஆனால் போட்ட பணத்துக்கு மேல் நிறுவனத்தின் கடன் உங்கள் தலையில் விழாது.

வளைகுடாவில் உழைத்த காசை பங்கில் போடலாமா என்று எமது ஊர்களில் பலர் என்னிடம் கேட்கிறார்கள். அவர்களுக்கு எக்ஸ்போலங்கா நிறுவனத்தின் கதையைச் சொல்வேன். சரக்குப் போக்குவரத்தே அதன் முக்கிய தொழில். அதில் ஏறத்தாழ 195 கோடி பங்குகள் இருந்தன. கொரோனா காலத்தில் உலகெங்கும் சரக்குக் கட்டணம் எகிற, இலாபமும் எகிறியது. 2020 இல் சில ரூபாய்களுக்கு விற்ற பங்கு, 2022 ஜனவரியில் 300 ரூபாவுக்கு மேல் விற்றது.

கொழும்புப் பங்குச்சந்தை நிறுவனங்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்கை வெளியிட வேண்டும். ஒரு காலாண்டில் 400 கோடி ரூபா இலாபம் வருமென்று சந்தை எதிர்பார்த்ததாக வைத்துக்கொள்வோம். ஒரு பங்குக்கு அது சுமார் 2 ரூபா. அந்த எதிர்பார்ப்பு ஏற்கெனவே விலைக்குள் இருக்கிறது. கணக்கில் 600 கோடி வந்தால், பங்குக்கு 3 ரூபா. இது நீடிக்கும் என்று நம்புகிறவர்கள் கூடிய விலைக்கு வாங்க வருவார்கள். பழைய விலைக்கு விற்க யாரும் இருக்க மாட்டார்கள். அதனால்தான் விலை படிப்படியாக ஏறாமல் ஒரே எட்டில் பாய்கிறது.

எதிர்பார்த்தது 400 கோடி, வந்தது 350 கோடி என்றால், அது போன வருடத்தை விடக் கூடியதாக இருந்தாலும் விலை விழும். விலையை அசைப்பது இலாபத்தின் அளவல்ல, எதிர்பார்ப்புக்கும் உண்மைக்கும் இடையிலான இடைவெளி. சரக்குக் கட்டணம் இறங்கத் தொடங்கியதும் எக்ஸ்போலங்கா பங்கும் உச்சத்திலிருந்து வெகுவாக இறங்கியது. அந்த வருடம் நாட்டின் பொருளாதார நெருக்கடியும் சந்தையை அடித்தது.

இலாபம் எங்கிருந்து வந்தது என்பதையும் பார்க்க வேண்டும். 2022 இல் ஒரு டொலர் சுமார் 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை போனது. டொலரில் உழைக்கும் நிறுவனங்களின் ரூபாக் கணக்கு அதனாலேயே பெருத்தது. முதலீட்டுக்காக வைத்திருக்கும் காணியை மறுமதிப்பீடு செய்வதாலும் இலாபம் கூடியதாகக் கணக்குக் காட்டும். இவை மறு காலாண்டிலும் வருமென்றில்லை. அறிக்கையில் காசுப் பாய்ச்சல் கூற்று என்றொரு பக்கம் இருக்கும். இலாபம் ஏறியும் தொழிலில் இருந்து வந்த காசு ஏறவில்லை என்றால், காரணத்தைத் தேடுங்கள்.

செய்தி வந்த பிறகு வாங்க ஓடுபவர், பாய்ந்து முடிந்த விலைக்கே வாங்குகிறார். அடுத்த காலாண்டு புதிய எதிர்பார்ப்பையும் விட நன்றாக இருந்தால்தான் விலை மறுபடி பாயும்.